மளிகைக் கடையில் விலை அட்டை: கேட்கப்படாத கேள்விக்கு விடை

பழைய மளிகைக் கடையில் வாடிக்கையாளருக்கும் பொருளுக்கும் இடையே ஒரு மேசை இருந்தது. வாங்க வந்தவர் மேசைக்கு இப்பால் நின்று, வேண்டியதைச் சொல்வார். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். 'இது என்ன விலை?', 'இதைவிட மலிவாக ஒன்று இல்லையா?', 'இது இட்லிக்கு ஆகுமா?' என்ற கேள்விகளுக்கெல்லாம் அவர் வாய்மொழியாகவே விடை கூறினார். இன்று நாட்டின் சிறு நகரங்களில்கூட அந்த மேசையை அகற்றிவிட்டு, நான்கைந்து அலமாரிகளை வரிசையாக நிறுத்தி, 'நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்னும் முறைக்குக் கடைகள் மாறி வருகின்றன. மாறுகிறவர்கள் அலமாரிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பில் போடும் கணினிக்கும் செலவு செய்கின்றனர். ஆனால் மேசைக்குப் பின்னால் நின்று விடை சொல்லிக்கொண்டிருந்த அந்த மனிதரின் வேலையை இனி யார் செய்வது என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வேலை அலமாரி விளிம்பில் ஒட்டப்படும் சிறு அட்டைக்கு உரியது.

ஆகவே அட்டை எழுதத் தொடங்குமுன் ஒரு சிறு பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். கல்லாவின் அருகே ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, ஒரு வார காலம் வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர் சொன்ன சொல்லாலேயே எழுதி வர வேண்டும். 'பொருள் எங்கே' என்பது ஒரு வகை. 'இது எது' என்பது மற்றொரு வகை. 'எது லாபம்' என்பது மூன்றாவது. வார முடிவில் எந்த அலமாரியைப் பற்றி எந்த வகைக் கேள்வி மிகுதியாக வந்தது என்பது தானே தெரியும். அட்டையில் எதை எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. வாடிக்கையாளர் சொன்ன சொல்லை அப்படியே குறிப்பது முக்கியம். அவர் 'பொட்டுக்கடலை' என்று கேட்டிருக்க, நாம் மொத்த வியாபாரியின் பட்டியலில் உள்ள பெயரை அட்டையில் எழுதினால் அவர் மீண்டும் கல்லாவுக்கே வருவார்.

பெயர் பற்றிய இந்தச் சிக்கல் பல மொழியினர் வாழும் ஊர்களில் கூடுதலாக இருக்கும். எடுத்துக்காட்டாக, பெங்களூரின் அல்சூர்ப் பகுதியில் நானூறு சதுர அடி அளவில் ஒரு கடை இருப்பதாகக் கொள்வோம். அங்கே கன்னடம் பேசுவோரும், பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழரும், வேலைக்காக வடமாநிலங்களிலிருந்து வந்தோரும் ஒரே அலமாரியின் முன் நிற்பர். துவரம் பருப்பைக் கன்னடர் 'தொகரி பேளே' என்பார். இந்தி பேசுபவர் 'அர்ஹர்' அல்லது 'தூர் தால்' என்பார். பெயர்கள் இவ்வாறு முற்றிலும் வேறுபட்டிருந்தால் குழப்பம் இல்லை. தெரியாத சொல் தெரியாததாகவே நின்றுவிடும். இடர் விளைவிப்பவை ஒன்றுபோல் ஒலித்து வேறு பொருளைக் குறிக்கும் பெயர்களே. தமிழர் வெறுமனே 'கடலை' என்றால் நிலக்கடலையாகவும் இருக்கலாம், கொண்டைக்கடலையாகவும் இருக்கலாம். கன்னடத்தில் 'கடலே பேளே' என்பது நம் கடலைப் பருப்பு. 'ஹுரிகடலே' என்பது பொட்டுக்கடலை. 'கடலேகாயி' என்பதோ நிலக்கடலை. இந்தியில் 'மூங்' என்றால் பாசிப்பயறு, 'மூங்பலி' என்றால் நிலக்கடலை. வெறும் 'கடலை' என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தால், மூவரில் ஒருவர் தவறான பொட்டலத்தை எடுத்துச் சென்று, மறுநாள் மாற்றித் தரக் கேட்டு நிற்பார்.

எனவே இத்தகைய கடையில் ஒவ்வொரு அட்டையிலும் பெயரை முழுமையாகவும், பகுதியில் வழங்கும் மொழிகளில் அவரவர் எழுத்திலும் எழுதுவது நல்லது. மாநில மொழி முதல் வரியில் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். மற்றவை அதன்கீழ் வரட்டும். மூன்று மொழிக்கு மேல் போனால் அட்டையில் எதுவும் படிக்க இயலாது போகும். மொழிபெயர்ப்பை அகராதியில் தேடுவதைவிட, அம்மொழி பேசும் வாடிக்கையாளர் ஒருவரிடமே கேட்டு எழுதிக்கொள்வது பாதுகாப்பானது. பெயரோடு, பொருளைப் பிரித்துக் காட்டும் ஒரு சொல்லும் தேவை. அரிசிக்குப் 'பச்சை' அல்லது 'புழுங்கல்', உளுந்துக்கு 'முழு' அல்லது 'உடைத்தது', 'தோலுடன்' அல்லது 'தோல் நீக்கியது', ரவைக்கு அதன் பருமன் ஆகியவை அத்தகைய சொற்கள். கர்நாடகத்தில் மிக நைசான 'சிரோட்டி' ரவையைத் தனியாகக் கேட்டு வாங்குவர். உப்புமாவுக்கு வாங்க வந்தவர் அதை எடுத்துச் சென்றால் பாத்திரத்தில் கஞ்சிதான் மிஞ்சும். 'முதல் தரம்', 'ஸ்பெஷல்', 'சூப்பர்' போன்ற சொற்கள் எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. அவை அட்டையில் இடத்தை அடைப்பவை என்பதே நம் கருத்து.

அடுத்து விலைக்கு வருவோம். பொட்டலத்தின்மீது அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவை (பொட்டலப் பொருள்கள்) விதிகளின்படி, அதற்கு மேல் விற்கக் கூடாது, குறைத்து விற்கலாம். அந்த அச்சு விலையை அழிப்பதோ, அதன்மேல் நம் அட்டையை ஒட்டி மறைப்பதோ கூடாது. கடையின் விலை ஒட்டும் துண்டுச்சீட்டைப் பொட்டலத்தில் ஒட்டத்தான் வேண்டும் என்றால், அச்சு விலையும் மாத வருடக் குறிப்பும் தெரியும்படி வேறு பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

இவ்விதிகளில் பின்னர் கொண்டுவந்த திருத்தம் ஒன்றின்படி, பொட்டலத்தில் 'அலகு விலை'யும் அச்சிடப்படுகிறது. நிகர எடை ஒரு கிலோவுக்கு மேற்பட்டால் கிலோ ஒன்றுக்கு இவ்வளவு என்றும், ஒரு கிலோவுக்குக் குறைந்தால் கிராம் ஒன்றுக்கு இவ்வளவு என்றும் அது இருக்கும். வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்பதே நோக்கம். அது அலமாரியின் முன் எவ்வாறு பயன்படுகிறது என்பதை ஒரு கணக்கால் பார்ப்போம்.

நம் அல்சூர்க் கடையில் ஒரே நிறுவனத்தின் துவரம் பருப்பு இரண்டு அளவுகளில் இருக்கிறது. அரைக் கிலோப் பொட்டலத்தின் அச்சு விலை 92 ரூபாய். ஒரு கிலோவின் அச்சு விலை 178 ரூபாய். அரைக் கிலோவின் 92 ரூபாயை 500ஆல் வகுத்தால் கிராமுக்கு 0.184 ரூபாய் வரும். ஆனால் இரண்டு தசம இடத்துக்குச் சுருக்குவதால் பொட்டலத்தில் 0.18 என்றே இருக்கும். இதைக் கண்டு மனக்கணக்குப் போடுகிறவர் கிலோவுக்கு 180 ரூபாய் என்று நினைப்பார். பெரிய பொட்டலத்தின் 178க்கும் இதற்கும் இரண்டு ரூபாய்தானே என்று சிறியதை எடுப்பார். உண்மையில் சிறியதன் விலை கிலோவுக்கு 184 ரூபாய், வேறுபாடு ஆறு ரூபாய். கிராமுக்கு 0.18 என்று அச்சிட்ட பொட்டலம் உண்மையில் கிலோவுக்கு 175 முதல் 185 ரூபாய் வரை எதுவாகவும் இருக்கலாம். பருப்பு விற்கும் கடையில் பத்து ரூபாய் இடைவெளி சிறிதன்று.

இதோடு முடிவதில்லை. கடைக்காரர் அச்சு விலைக்குக் குறைத்து, சிறியதை 88க்கும் பெரியதை 170க்கும் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொட்டலத்தில் உள்ள அலகு விலையோ அச்சு விலையை வைத்துக் கணக்கிட்டது. கடையில் கொடுக்கப்போகும் விலைக்கும் அதற்கும் இனித் தொடர்பே இல்லை. 88 ரூபாய்க்கு அரைக் கிலோ என்றால் கிலோ 176 ரூபாய். பெரியது 170 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் வாடிக்கையாளருக்குச் சொல்லக்கூடிய இடம் கடையின் அலமாரி அட்டை ஒன்றுதான். ஆகவே அட்டையில் இரண்டு விலைகள் இருக்கட்டும்: பெரிய எழுத்தில் பொட்டலத்தின் விலை, அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் 'கிலோவுக்கு 176 ரூபாய்' என்று. ஓர் அலமாரித் தட்டு முழுவதும் ஒரே அலகைப் பின்பற்ற வேண்டும். பருப்பு, அரிசி, மாவு ஆகியவற்றுக்குக் கிலோ, மிளகு, சீரகம், ஏலம் போன்றவற்றுக்கு நூறு கிராம், எண்ணெய்க்கு லிட்டர். ஒரே தட்டில் ஒன்று கிராமிலும் மற்றொன்று கிலோவிலும் இருந்தால் எழுதியும் பயனில்லை.

எண்ணெய் அலமாரிக்கு இந்த அட்டை மிகவும் தேவை. முன்பு சமையல் எண்ணெய், தேயிலை, மாவு உள்ளிட்ட சில பொருள்களைக் குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே பொட்டலமிட வேண்டும் என்று ஓர் அட்டவணை இருந்தது. அது நீக்கப்பட்ட பின், பார்வைக்கு ஒரு லிட்டர் போலவே தோன்றும் குறைந்த அளவுப் பைகள் சந்தைக்கு வந்துள்ளன. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். ஒரு பை ஒரு லிட்டர், விலை 140 ரூபாய். அருகில் உள்ள பை 800 கிராம், விலை 128 ரூபாய் என்று கொள்வோம். பன்னிரண்டு ரூபாய் குறைவு என்று இரண்டாவதைத்தான் கை எடுக்கும். 128ஐ 910ஆல் பெருக்கி 800ஆல் வகுத்தால் லிட்டருக்கு 145 ரூபாய் 60 காசு. மலிவாகத் தோன்றியதே விலை கூடியது. இதை வாடிக்கையாளர் அலமாரி முன் நின்று கணக்கிட இயலாது. கடைக்காரர் ஒருமுறை கணக்கிட்டு எழுதிவிட்டால் எல்லாருக்கும் ஆயிற்று.

இவ்வாறு எழுதினால் சில பொருள்களின் விற்பனை குறையாதா என்ற ஐயம் எழும். குறையும், அதை மறைக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் ஷாம்பு போன்ற பொருள்களில் பெரிய புட்டியைவிடச் சிறு பொட்டலமே அளவுக்கு மலிவாக இருப்பதுண்டு. அதை அட்டையில் போட்டால் புட்டி விற்பனை சற்று மங்கலாம். ஆனால் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்த் தாமே கண்டுபிடித்தால், அக்கடையின் எல்லா விலைகளையும் அவர் ஐயத்துடனேயே பார்ப்பார். மாதாந்தர மளிகைச் சாமானை எங்கே வாங்குவது என்று ஒரு குடும்பம் முடிவு செய்வது ஷாம்பு புட்டியை வைத்தன்று. அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றிலும் கடைக்காரர் நம்மிடம் நேராக நடந்துகொள்கிறாரா என்பதை வைத்தே.

அட்டையின் உருவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏ4 தாளில் மூன்று பத்தியும் எட்டு வரிசையுமாக இருபத்து நான்கு அட்டைகள் அமையும். ஒவ்வொன்றும் 70 மில்லிமீட்டர் அகலமும் 37 மில்லிமீட்டர் உயரமும் இருக்கும். அலமாரி விளிம்பில் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டைகள் பலவற்றில் இது பொருந்தும். ஒருமுறை ஒரு தாளை அச்சிட்டு, கடையிலுள்ள பட்டையில் செருகிப் பார்த்த பிறகு மற்றவற்றை அச்சிடுவது நல்லது. விலையின் எண் ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்பு மையே போதும். சோதனை எளிது: கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவரை அலமாரியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லிப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் குனிந்தாலோ, முன்னே நகர்ந்தாலோ எழுத்துச் சிறியது என்று பொருள். மஞ்சள், சிவப்பு அட்டைகளைச் சலுகைக்கென்றே ஒதுக்கி, சலுகை முடியும் தேதியையும் அதில் எழுத வேண்டும். அலமாரி முழுவதும் மஞ்சளாக இருந்தால் எந்தச் சலுகையும் கண்ணில் படாது.

எங்கே ஒட்டுவது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். இரண்டு தட்டுகளுக்கு இடையே ஓர் அட்டை இருந்தால் அது மேலே உள்ள பொருளுக்கா, கீழே உள்ளதற்கா? கடை முழுவதும் ஒரே வழக்கம் இருந்தால்தான் வாடிக்கையாளர் அறிவார். அட்டை எப்போதும் தனக்கு மேலே நிற்கும் பொருளுக்கே உரியது என்பதையும், அப்பொருளின் வரிசை தொடங்கும் இடது ஓரத்திலேயே அது நிற்கும் என்பதையும் கொள்கையாக வைத்துக்கொள்ளலாம். அப்போது ஓர் அட்டையிலிருந்து அடுத்த அட்டை வரை உள்ளவை யாவும் ஒரே பொருள் என்று பொருள்படும். கடை உதவியாளருக்கும் இது உதவும். சரக்கை அடுக்குகையில் அட்டையைத் தாண்டி அடுக்கினால் உடனே தெரியும். சரக்குத் தீர்ந்தபோது வெற்றிடத்தை அடுத்த பொருளால் நிரப்பிவிடும் வழக்கமும் நிற்கும். தவறான விலையைக் காட்டும் அட்டைகளில் பல, தவறாக எழுதப்பட்டவை அல்ல; பொருள் நகர்ந்துபோனதால் தவறானவை. தரையை ஒட்டிய தட்டில் அட்டை செங்குத்தாக நின்றால் யாரும் படிக்க முடியாது. பட்டையைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து ஒட்ட வேண்டும்.

கடையிலேயே கட்டும் பொட்டலங்களுக்குத் தனி நடைமுறை உண்டு. மூட்டையிலிருந்து பருப்பை எடுத்து, வாடிக்கையாளர் முன்னிலையில் நிறுத்துக் கொடுத்தால் அது சில்லறை விற்பனை. அலமாரியில் கிலோ விலை அட்டை இருந்தால் போதும். பலரும் கால் கிலோவாகவே கேட்பதால் அதன் விலையையும் சேர்த்து எழுதலாம். ஆனால் நெரிசலைத் தவிர்க்க முதல் நாள் இரவே அரை அரைக் கிலோவாகப் பாலித்தீன் பையில் கட்டி வைத்துவிட்டால், சட்டத்தின் பார்வையில் அது பொட்டலப் பொருள். கட்டியவர் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், நிகர எடை, கட்டிய மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, குறை தெரிவிக்கத் தொடர்பு விவரம் ஆகியவை ஒவ்வொரு பையின்மீதும் இருக்க வேண்டும். உணவுப் பொருளாதலால் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் வேண்டும். அலமாரியில் நல்ல அட்டை இருக்கிறதே என்பது இதற்கு ஈடாகாது. ஆய்வாளர் பார்ப்பது பையை.

இனி, அட்டையை உண்மையாக வைத்திருப்பது. அலமாரியில் 170 என்றிருந்து பில்லில் 178 வந்தால், எட்டு ரூபாய்க்காக வாடிக்கையாளர் உரத்துப் பேசுவார். அல்லது ஒன்றும் பேசாமல் போய், மறுமுறை வராமல் இருப்பார். இரண்டாவதே கடைக்குக் கேடு. ஏனெனில் அது நமக்குத் தெரிவதே இல்லை. இதைத் தவிர்க்க ஓர் ஒழுங்கு உண்டு. விலை ஏறும்போது முதலில் அலமாரி அட்டையை மாற்றி, பிறகு கணினியில் மாற்ற வேண்டும். விலை இறங்கும்போது முதலில் கணினியில் மாற்றி, பிறகு அட்டையை மாற்ற வேண்டும். இவ்வாறு செய்தால் இரண்டுக்கும் இடையேயான அரைமணி நேரத்தில் யாருக்கேனும் வேறுபாடு ஏற்பட்டாலும், அது அவருக்குச் சாதகமாகவே இருக்கும். 2025 செப்டம்பர் 22 அன்று ஷாம்பு, பற்பசை, குளியல் சோப்பு போன்றவற்றின் சரக்கு சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான விலைகளைத் திருத்த வேண்டியதாயிற்று. அத்தகைய நாளில் இந்த வரிசைமுறையின் அருமை தெரியும்.

விலை ஏற்றத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் பருப்பின் புதிய சரக்கு 186 ரூபாய் அச்சு விலையுடன் வருகிறது. அலமாரியில் 178 அச்சிட்ட பழைய பொட்டலங்கள் பத்து மீதம் இருக்கின்றன. பழையதை 178க்கு மேல் விற்க இயலாது. இரண்டையும் கலந்து அடுக்கி, 'ரூ. 180' என்று ஓர் அட்டை வைத்தால், பழையதை எடுப்பவரிடம் விதிமீறல் நிகழ்கிறது. கணினியில் ஒரே பட்டைக் குறியீட்டுக்கு இரண்டு விலைகள் தோன்றி, கல்லாவில் இருப்பவர் அவசரத்தில் புதியதைத் தட்டிவிடுவார். பழைய சரக்கு தீரும்வரை புதியதைக் கிடங்கிலேயே வைத்திருப்பது எளிய வழி. இடம் இல்லையெனில் இரண்டையும் தனித்தனி வரிசையாக்கி, ஒவ்வொன்றின் இடது ஓரத்திலும் அதனதன் அச்சு விலையைக் குறித்த தனி அட்டையை வைக்கலாம். 178 வரிசை முதலில் காலியாகும். காலியானதும் அதன் அட்டையை எடுத்துவிட வேண்டும்.

ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் அச்சிட்ட தேதியைச் சிறிய எழுத்தில் போட்டு வைப்பது இதற்கெல்லாம் துணை செய்யும். வாரத்தில் ஒரு நாள், கடை திறக்குமுன், இருபது பொருள்களை அலமாரியிலிருந்து எடுத்து வந்து கல்லாவில் பில் போட்டு, அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு வாரமும் வேறு அலமாரி. வேறுபாடு கண்டால், அந்த அட்டையை மட்டும் திருத்திவிட்டு நின்றுவிடக் கூடாது. மூலையிலுள்ள தேதியைப் பார்த்து, அன்று அதே தாளில் அச்சான மற்ற இருபத்து மூன்று அட்டைகளையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.